ராட்டினம் உடைந்து குழந்தை காயமடைந்தால்: உடைந்த போல்ட்டிலிருந்து இழப்பீடு வரை

திருவிழாத் திடலில் ராட்டினம் உடைந்து குழந்தை காயமடைந்த பிறகு வழக்கறிஞரைத் தேடி வரும் பெற்றோர், பெரும்பாலும் மருத்துவமனை ரசீதுகள் அடங்கிய ஒரு பையுடன் வருகிறார்கள். அந்த ரசீதுகள் தேவைதான். ஆனால் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் பொருள் பெரும்பாலும் அந்தப் பையில் இருப்பதில்லை. அது திடலில் கிடந்த உடைந்த இரும்புத் துண்டு. அவர்கள் வருவதற்குள் திருவிழா முடிந்து, ராட்டினம் கழற்றப்பட்டு, லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போயிருக்கும். முறிந்த துண்டு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆகவே, இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து எழுதும் இந்த வழிகாட்டியில், அந்தத் துண்டையே நூலாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செல்கிறேன்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு மாதிரி நிகழ்வை வைத்துக்கொள்வோம். இது நான் அமைத்த உதாரணமே. நடந்த வழக்கு அன்று. ஒரு கோயில் திருவிழாத் திடலில், சங்கிலிகளில் இருக்கைகள் தொங்கிச் சுழலும் குடை ராட்டினம் ஒன்று ஓடுகிறது. டிக்கெட் 80 ரூபாய். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஏறுகிறாள். சுழற்சி வேகம் பிடித்த சிறிது நேரத்தில் அவளது இருக்கையை மேல் கையுடன் இணைக்கும் வளையத் தலை போல்ட் முறிகிறது. இருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிறுமி வெளியே தூக்கி எறியப்படுகிறாள். இடது முழங்கைக்கு மேல் எலும்பு முறிவு, தலையில் காயம். திடலை ஒருவர் ஏலத்தில் எடுத்திருக்கிறார்; அவரிடம் இடவாடகை கொடுத்து ராட்டினக்காரர் கடை போட்டிருக்கிறார்.

முதல் படி: அன்றிரவே செய்ய வேண்டியவை

குழந்தையை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, “கீழே விழுந்துவிட்டாள்” என்று சுருக்கமாகச் சொல்லிவிடாதீர்கள். “ராட்டினத்தின் இருக்கை கழன்று, சுழன்றுகொண்டிருந்தபோதே தூக்கி எறியப்பட்டாள்” என்று இடத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். விபத்து நடந்து சில மணி நேரத்திற்குள் எழுதப்பட்ட அந்த ஒற்றை வரி, பின்னாளில் “குழந்தை இறங்கும்போது தவறி விழுந்தது” என்று எதிர்த்தரப்பு எழுப்பும் கதைக்கு நேரடியான பதிலாக நிற்கும். அந்தப் பதிவேட்டின் நகலைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம்.

பெற்றோரில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கையில், உறவினர் ஒருவர் திடலுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். அவர் எடுக்க வேண்டிய படங்கள் இவை: முறிந்த இணைப்பு மேலே எஞ்சியிருக்கும் நிலை, கீழே விழுந்த இருக்கை, அதனுடன் வந்த போல்ட்டின் மறுபாதி, பக்கத்து இருக்கைகளின் இணைப்புகள், டிக்கெட், கட்டணப் பலகை, உயர அளவுக் கோடு இருந்தால் அது, இல்லையென்றால் அது இல்லாத நுழைவாயில். அங்கே நின்றவர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளியை வாங்கும்போது, அவர்களது பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படியை விட, எடுத்தவரின் கைப்பேசியில் இருக்கும் மூலக் கோப்புக்குச் சான்று மதிப்பு அதிகம்.

உடைந்த துண்டை நீங்களாக எடுத்துச் செல்ல வேண்டாம். “அவர்களே வேறு துண்டைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்” என்ற எதிர்வாதத்திற்கு அது வழி திறந்துவிடும். அதைக் காவல் துறை கைப்பற்ற வேண்டும்.

இரண்டாம் படி: புகாரும் மகஜரும்

காவல் நிலையத்தில் கொடுக்கும் எழுத்துப் புகாரில், இயந்திரத்தைக் கவனக்குறைவாக இயக்கியதையும் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததையும் தெளிவாகக் கூறுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் இவற்றுக்கான பிரிவுகள் முறையே 289, 125 ஆகும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுடன் திரும்பிவிடாமல், முதல் தகவல் அறிக்கை பதிவாவதை உறுதிசெய்யுங்கள். நிலையத்தில் பதிவுசெய்ய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம்; அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

புகாரின் கடைசிப் பத்தியில் மூன்று கோரிக்கைகளை எழுதுவது வழக்கத்தில் இல்லை. ஆனால் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முறிந்த போல்ட்டின் இரு பாதிகளையும், சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஜர் என்ற ஆவணத்தின் மூலம் கைப்பற்ற வேண்டும். பக்கத்து இருக்கைகளின் முறியாத போல்ட்டுகளில் சிலவற்றையும் சேர்த்துக் கைப்பற்ற வேண்டும். முறிந்த முகங்களைத் துடைக்காமல், எண்ணெய் தடவாமல், ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், உலர்ந்த உறையில் தனித்தனியே வைத்துத் தடய அறிவியல் துறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆசை எவருக்கும் இயல்பாக வரும். அப்படி ஒரு முறை உரசினாலே, ஆய்வாளர் படிக்க வேண்டிய நுண்ணிய கோடுகள் நசுங்கிப்போகும்.

காவல் துறை இதைச் செய்யத் தாமதித்து, ராட்டினம் கழற்றப்படும் நாள் நெருங்கிவிட்டால், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளை 7-ஆவது விதியின்படி பொருளைப் பாதுகாக்கவும் ஆய்வுசெய்யவும் உத்தரவு கேட்கலாம். பொருளை நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரலாம். இதற்கு அவசர மனு போட வேண்டியிருப்பதால், வழக்கறிஞரிடம் முதல் வாரத்திலேயே போவது நல்லது.

மூன்றாம் படி: துண்டு என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல்

இந்தப் படியை வழக்கறிஞர்களே பலர் கடந்துபோய்விடுகிறார்கள் என்பதால் இங்கே சற்று நிதானிக்கிறேன்.

ராட்டினத்தின் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட்டின் மீது பாரம் ஏறி இறங்குகிறது. மரையின் முதல் வெட்டுப் போன்ற ஓர் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றி, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் சிறிது சிறிதாக உள்ளே முன்னேறுகிறது. எஞ்சிய நல்ல இரும்பால் பாரத்தைத் தாங்க முடியாத நாளில் அது சட்டென்று முறிகிறது. இதை உலோகச் சோர்வு முறிவு என்பார்கள். இப்படி முறிந்த போல்ட்டின் முகத்தைப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, சில நேரம் சிப்பியின் மேல் காணும் வரிகளைப் போன்ற வளைகோடுகளுடன், துருவேறிக் கறுத்தோ பழுப்பாகவோ இருக்கும். மற்றப் பகுதி சொரசொரப்பாக, புதிதாக உடைத்த இரும்பின் வெளிர்ச் சாம்பல் பளபளப்புடன் இருக்கும். கறுத்த பகுதி பழைய விரிசல்; பளபளக்கும் பகுதி அன்று முறிந்தது. நம் மாதிரி நிகழ்வில் முகத்தின் மூன்றில் இரண்டு பங்கு கறுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், சிறுமி ஏறும்போதே அந்த போல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்புதான் வேலைசெய்துகொண்டிருந்தது என்று பொருள்.

மாறாக, முகம் முழுவதும் ஒரே சீராகப் பளபளத்தால், பழைய விரிசல் எதுவும் இல்லாமல் ஒரே அதிர்ச்சியில் முறிந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது கேள்வி பராமரிப்பிலிருந்து விலகி, அளவுக்கு மீறிய பாரம், தரமற்ற போல்ட், எங்கோ மோதியது போன்ற வேறு காரணங்களுக்குத் திரும்பும். வழக்கு அதனால் வீழ்ந்துவிடாது. ஆனால் வேறு திசையில் நடத்த வேண்டியிருக்கும். இதை முன்கூட்டி அறியாமல் மனு எழுதினால், சொன்ன காரணம் ஒன்றாகவும் சான்று வேறொன்றாகவும் போய்விடும்.

நான்காம் படி: ராட்டினக்காரரின் கடமையை வரையறுத்தல்

கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களைச் சுழலும் இயந்திரத்தில் ஏற்றுபவர், அந்த இயந்திரம் நியாயமான கவனத்தால் எவ்வளவு பாதுகாப்பாக இருக்க முடியுமோ அவ்வளவு பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்யக் கடமைப்பட்டவர். ஏறுபவர் குழந்தை என்றால் கடமையின் அளவு கூடுகிறது. குழந்தை எழுந்து நிற்கும், கையை விடும், பயந்து நெளியும் என்பதை எதிர்பார்த்தே இருக்கையும் பூட்டும் இயக்கமும் அமைய வேண்டும்.

நடைமுறையில் இந்தக் கடமை மூன்று தருணங்களில் வருகிறது: ராட்டினத்தைப் பூட்டி நிறுத்தும்போது, ஒவ்வொரு நாளும் ஓட்டத் தொடங்குமுன், ஒவ்வொரு சுற்றிலும் ஆட்களை ஏற்றும்போது. நம் வழக்குக்கு முதல் தருணமே முக்கியம். ஊர் ஊராகப் போகும் ராட்டினம் ஒவ்வொரு திருவிழாவிலும் கழற்றிப் பூட்டப்படுகிறது. நிலையான பூங்காவில் ஒரு போல்ட் ஆண்டுக்கணக்கில் நட்டுக்குள் மறைந்து கிடக்கலாம். இங்கே அது மாதம் ஒரு முறையாவது ஒருவர் கையில் வெளிச்சத்தில் இருந்திருக்கிறது. மரையை மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்து, அதன் மேல் வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், விரிசல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும், செலவு குறைந்த சோதனை இது. இந்திய தர நிர்ணய அமைவனம் பொழுதுபோக்கு ராட்டினங்களுக்கென்று ஐ.எஸ். 15475 என்ற தரநிலையையும் வெளியிட்டுள்ளது. ராட்டினக்காரர் எதைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்கும்போது உங்கள் பொறியாளர் சாட்சி இதை அடிப்படையாகக் கொள்ளலாம்.

ஆவணங்களை இப்போதே திரட்டத் தொடங்குங்கள். திடலுக்கு அனுமதி தந்த அலுவலகங்களில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுக் கொடுத்து, அனுமதி ஆணை, பொறியாளர் கொடுத்த உறுதித்தன்மைச் சான்றிதழ், நிபந்தனைகள் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வந்ததும் சான்றிதழில் உள்ள தேதியையும், ராட்டினம் பூட்டி முடித்த தேதியையும் ஒப்பிடுங்கள். பூட்டி முடிப்பதற்கு முன் கையெழுத்தான சான்றிதழ் எந்த ராட்டினத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்ற கேள்வியே போதுமான கேள்வி.

ஐந்தாம் படி: யார் மீது, எங்கே

ராட்டினக்காரர் முதல் எதிர்மனுதாரர். திடலை ஏலம் எடுத்தவர், வாடகை வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே அழைத்தவர் என்ற முறையில் இரண்டாமவர். ராட்டினக்காரருக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். அனுமதி கொடுத்த அதிகாரிகளையும் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் கோபத்தில் கேட்பது புரிகிறது. ஆனால் டெல்லி உப்ஹார் திரையரங்கத் தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல், உரிமம் வழங்கிய அமைப்பை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்துத் திரையரங்க உரிமையாளர்களையும் மின் வாரியத்தையும் பொறுப்பாக்கியது. தெளிவான தீய நோக்கமோ அது போன்ற சான்றோ கையில் இல்லாதபோது அதிகாரிகளைச் சேர்த்தால், வழக்கு நீளுமே தவிர வலுப்பெறாது.

பெரும்பாலான குடும்பங்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே ஏற்ற இடம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆணையத்தின் எல்லை, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்லாமல் கொடுத்த கட்டணத்தை வைத்து அமைகிறது. ஆகவே 80 ரூபாய் டிக்கெட்டுக்காகப் பல இலட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு மனுக் கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது, ராட்டினக்காரர் வேற்றூர்க்காரராக இருக்கும் இத்தகைய வழக்குகளில் பெரிய உதவி. இணையத்தில் https://e-jagriti.gov.in வழியாகவும் பதிவுசெய்யலாம். டிக்கெட் வாங்கியவர் தந்தை, காயம்பட்டது மகள் என்ற ஆட்சேபம் வந்தால், தந்தை கட்டணம் கொடுத்துப் பெற்ற சேவையின் பயனாளி என்ற முறையில் குழந்தையும் நுகர்வோரே. மருத்துவச் சிகிச்சை தொடர்பான ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் பெற்றோரும் குழந்தையும் இருவருமே நுகர்வோர் என்று தீர்த்திருக்கிறது.

கால வரம்பு 2 ஆண்டுகள். உரிமையியல் வழக்கில் சிறார்க்கு வயது வந்த பிறகே காலம் கணக்கிடப்படும் என்பது உண்மையானாலும், அதை நம்பி நுகர்வோர் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். உலோக ஆய்வு, பொறியாளர் குறுக்கு விசாரணை என்று சிக்கல் மிகுந்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி ஆணையம் கூறிவிடவும் கூடும். தடய அறிவியல் அறிக்கை கையில் இருந்தால் அந்த அபாயம் வெகுவாகக் குறையும்.

ஆறாம் படி: எதிர்வாதங்களைத் துண்டின் முன் நிறுத்துதல்

பதில் மனுவில் வழக்கமாக ஐந்து எதிர்வாதங்கள் வரும். ஒவ்வொன்றையும் நியாயமாக எடைபோட வேண்டும். எல்லாமே வெற்று வாதங்கள் அல்ல.

“டிக்கெட்டில் ‘சொந்தப் பொறுப்பில் ஏறவும்’ என்று அச்சிட்டிருக்கிறோம்” என்பது முதலாவது. இதில் இரண்டு வாதங்கள் கலந்திருக்கின்றன. ஆபத்தை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒன்று. வேகத்தையும் தலைச்சுற்றலையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். மூன்றில் ஒரு பங்கு இரும்புடன் நின்ற போல்ட்டை அவர்கள் அறியவே இல்லை, அறியாத ஆபத்துக்கு இசைவு இல்லை. அச்சிட்ட நிபந்தனையே பொறுப்பை நீக்கிவிட்டது என்பது மற்றொன்று. சலவைக்குக் கொடுத்த துணி தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம் மட்டுமே கிடைக்கும் என்று ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனையை, லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பொதுக் கொள்கைக்கு முரணானது என்று ஒதுக்கியது. துணிக்கே அப்படியென்றால், எட்டு வயதுக் குழந்தையின் கைக்கு இன்னும் வலுவாகவே அந்தக் காரணம் பொருந்தும். தவிர, வயது வராதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர்.

“வெளியே தெரியாத உட்குறை அது, எங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது” என்பதே உண்மையில் வலுவுள்ள எதிர்வாதம். இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு வழக்கு. மணிக்கூண்டு சரிந்து மக்கள் இறந்தபோது, மாநகராட்சி உட்குறை என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1966-இல் வெளியான தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. கட்டடத்துக்கு 80 வயது. அந்த வகைக் காரையின் ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகள்தான். அப்படியிருக்க உரிய கால இடைவெளியில் நிபுணரைக் கொண்டு சோதிக்காதவர் ‘குறை தெரியவில்லை’ என்று சொல்ல முடியாது என்றது. கட்டடம் தன் கட்டுப்பாட்டில் இருந்து, இயல்பாகச் சரியக்கூடாத ஒன்று சரிந்தால், நிகழ்வே கவனக்குறைவைப் பேசுகிறது என்ற கோட்பாட்டையும் அங்கே பயன்படுத்தியது. நம் போல்ட்டுக்கும் இதே கேள்விதான்: கறுத்துத் துருவேறிய விரிசல், கடைசியாகப் பூட்டியபோது இருந்ததா? இருந்தது என்று ஆய்வறிக்கை காட்டினால், கையில் எடுத்த போல்ட்டை ஏன் சோதிக்கவில்லை என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அதே நேரம், அவர் தேதி வாரியான சோதனைப் பதிவேட்டையும், போல்ட்டுகளைக் குறித்த கால இடைவெளியில் மாற்றிய ரசீதுகளையும், அண்மையில் செய்த விரிசல் சோதனை அறிக்கையையும் காட்டி, உற்பத்தியிலேயே இரும்புக்குள் இருந்த குறை என்று ஆய்வறிக்கையும் சொன்னால், அவர் தப்பிக்கக்கூடும். அப்போது போல்ட்டை அல்லது ராட்டினத்தைச் செய்தவர் மீது, அதே நுகர்வோர் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்படி செல்ல வேண்டும். பதிவேட்டைக் காட்டும்போது ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தத்தில் முப்பது நாட்களும் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று மூலத்தை வரவழைத்துப் பாருங்கள்.

“திடீரென்று காற்று அடித்தது, அது இயற்கையின் செயல்” என்பது மூன்றாவது. எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத அளவுக்கு அசாதாரணமான காற்றாக இருந்தால் மட்டுமே இந்த வாதம் நிற்கும். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அன்றைய பதிவைக் கேட்டுப் பெறுங்கள். காற்று வலுத்தால் ராட்டினத்தை நிறுத்துவதே கடமை என்பதால், காற்று இருந்தது என்று அவர் நிரூபித்தாலும் ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வி எஞ்சும். இங்கும் முறிந்த முகம் பேசுகிறது: காற்றின் ஒரே அதிர்ச்சியில் முறிந்த போல்ட்டின் முகத்தில் பழைய துரு இருக்காது.

“சிறுமி எழுந்து நின்றாள், தந்தை கவனிக்கவில்லை” என்பது நான்காவது, பெற்றோரை மிகவும் காயப்படுத்துவதும் இதுவே. காயம்பட்டவரின் பங்கு உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். சிறு குழந்தையிடம் பெரியவரின் எச்சரிக்கையை நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. அந்த வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்கக்கூடிய கவனமே அளவுகோல். தந்தையின் கவனக்குறைவைக் குழந்தையின் தலையில் ஏற்றி அதன் இழப்பீட்டைக் குறைக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்களின் எடையைத் தாங்க வேண்டிய போல்ட் எட்டு வயதுச் சிறுமி எழுந்து நின்றதால் முறிந்தது என்றால், அது முறியும் நிலையில் இருந்தது என்பதையே அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இயந்திரத்தில் எதுவும் முறியாமல், விவரம் தெரிந்த பதினைந்து பதினாறு வயதுப் பையன் தடுப்புக் கம்பியைத் தானே கழற்றி வெளியே சாய்ந்த வழக்கில் இந்த எதிர்வாதம் இழப்பீட்டைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

“பொறியாளர் சான்றிதழ் தந்திருக்கிறார், பூட்டியது ஒப்பந்தத் தொழிலாளர்” என்பது கடைசி. சான்றிதழ் கையெழுத்தான நாளின் நிலையைச் சொல்கிறது; அதற்குப் பிந்தைய தினசரிக் கடமையை அது நீக்குவதில்லை. ஆபத்து பொதிந்த செயலில் வேலையை மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

ஏழாம் படி: தொகையும் சமரசமும்

விபத்து நடந்த சில நாட்களில் மருத்துவமனைக்கே வந்து, ஒரு தொகையைக் கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பது வழக்கமாக நடக்கிறது. சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் “மருத்துவச் செலவுக்கு முன்பணமாக” என்று எழுதிய ரசீதுக்கு மேல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. முறிவு அதைத் தொட்டிருந்தால், எலும்பு கூடிய பிறகும் கை வளைவதோ நீளம் குறைவதோ சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும். முழங்கை முறிவுக்கு இது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. எலும்பு மருத்துவரிடம் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பின்னாளில் தேவைப்படக்கூடிய அறுவைச் சிகிச்சையின் மதிப்பீட்டையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

நிரந்தர ஊனம் இருந்தால் மருத்துவக் குழுவின் ஊனச் சதவீதச் சான்றிதழ் வேண்டும். குழந்தைக்கு வருமானம் இல்லை என்பதால் பெயரளவுத் தொகையை வைத்துக் கணக்கிடும் பழக்கத்தை, 12 வயதுச் சிறுமி தலைக்காயத்தால் முழு ஊனமடைந்த காஜல் எதிர் ஜக்தீஷ் சந்த் என்ற சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் மாற்றி, திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாகக் கொண்டு, பராமரிப்பாளர் செலவையும் சேர்த்து, மொத்தம் 62.27 இலட்சம் ரூபாய் வழங்கியது. அது முழு ஊனம். நம் சிறுமிக்கு ஊனச் சதவீதத்துக்கு ஏற்ற பங்கே கிடைக்கும். ஆயினும் கணக்கின் முறை அதுவே என்று மனுவில் எடுத்துக்காட்ட வேண்டும்.

குற்ற வழக்கில் ராட்டினக்காரர் விடுதலையானால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே கேள்வி. ஆனால் குற்ற வழக்கு முடியும்போது கைப்பற்றிய பொருளை அழிக்கவோ திருப்பித் தரவோ நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். இழப்பீட்டு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதைக் காட்டி, போல்ட்டைப் பாதுகாக்கும்படி முன்கூட்டியே மனுப் போட்டுவையுங்கள்.

வழக்கு நடக்கையில் சமரசத்துக்கு வந்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் சிறாரின் சார்பில் நிற்கும் பெற்றோர் நீதிமன்ற அனுமதி பெறாமல் சமரசம் செய்ய முடியாது. தொகை குழந்தைக்கு நன்மையானது என்பதை மருத்துவ அறிக்கையுடன் விளக்கி அனுமதி கேட்க வேண்டும். கிடைக்கும் பணத்தின் பெரும்பகுதி, குழந்தை 18 வயதை அடையும்வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக வைக்கப்படுவதே வழக்கம். இடையில் கைக்கு மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், மருத்துவரின் மதிப்பீட்டை இணைத்து மனுக் கொடுத்து, அதற்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.